காலியாக வைத்த நடு சீட்

அந்த விமானத்தில் சீட் நம்பரே கிடையாது. ஏறுகிறவர்களை ஏ, பி, சி என்று மூன்று குரூப்பாகப் பிரித்து, குரூப்புக்குள் வரிசை எண் கொடுத்து நிறுத்துவார்கள். முதலில் ஏறுகிறவன் பிடித்த இடத்தில் உட்காரலாம். கடைசியில் ஏறுகிறவனுக்கு மிச்சம் மீதி. கிளம்புவதற்கு இருபத்துநாலு மணி நேரம் முன்பு செக்-இன் திறக்கும். திறந்த கையோடு பதிவு செய்தவர்களுக்கு நல்ல எண், அசந்தவர்களுக்கு வால். கூடுதலாகப் பணம் கட்டினால் அந்த அவசரம் எதுவும் இல்லாமல் முன்னால் போய் நிற்கலாம்.

இதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். தெரிந்துதான் போனில் அலாரம் வைத்திருந்தாள். ஆனால் அலாரம் அடித்த நேரத்தில் அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவர் உடைந்த ஃபிரேமைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடி இல்லாமல் தெருவைக் கடக்க முடியவில்லை என்று கண் கலங்கி நின்றார். புது ஃபிரேமில் பழைய லென்ஸைப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தபோது அவளுக்கும் தங்கைக்கும் கிடைத்தது சி குரூப்.

தங்கைக்குப் பக்கத்தில் உட்கார முடியாது என்பதுதான் அந்த எழுத்துக்கு அர்த்தம்.

தங்கையை வீட்டில் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். படித்து முடித்து, தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் முதல் வேலை கிடைத்து, வேறு ஊருக்குப் போகிறாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையில் கட்டுப்பட்டு ஏழெட்டு மாதமாக ஒன்றும் இல்லை. ஆனாலும் தூக்கம் கெட்டால் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். புது வேலைப் பரபரப்பில் இரண்டு ராத்திரியாக அவள் சரியாகத் தூங்கவே இல்லை.

"காசு கட்டி முன்னாடி ஏறிடலாம் குருவி," என்றாள் அக்கா, அன்று மாலை பெட்டி அடுக்கும்போது.

"எதுக்கு? முன்னாடி ஏறினவன் முன்னாடியா போய்ச் சேரப் போறான்? எல்லாரும் ஒரே வண்டியிலதான போறோம்."

"நீயும் நானும் பக்கத்துல உக்காரணும்ல."

"ஒண்ணரை மணி நேரம்க்கா. நான் என்ன கைக்குழந்தையா?"

"அப்ப கவுன்டர்ல சொல்லிடுவோம். உடம்பு சரியில்லாதவங்களை எல்லாருக்கும் முன்னாடி சும்மாவே ஏத்திவிடுவாங்களாம். கூட ஒருத்தரும் போகலாம். சல்லிக்காசு செலவில்ல."

குருவி மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே போட்டாள். "அக்கா, நான் முதமுதலா வேலைக்குப் போறேன். கேட்ல நூறு பேர் பாக்க 'இவளுக்கு வலிப்பு'ன்னு சொல்லி முன்னாடி கூட்டிட்டுப் போவியா? அந்த ஆபீஸ்காரன் எவனாவது அதே பிளேன்ல இருந்தா? யார்கிட்டயும் சொல்லக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு."

அக்கா சத்தியம் செய்தாள்.

மறுநாள் கேட்டுக்கு வந்து சேர்ந்ததும் அக்கா நேராகப் பணியாளரிடம் போனாள். கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய பெண், முகத்தில் களைப்பு.

"ஏ குரூப்புக்கு மாத்திக்கணும். ரெண்டு பேர்."

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். "ஒண்ணுதான் மிச்சம் இருக்குங்க. இன்னைக்கு ஃபுல் ஃபிளைட். ஒரு சீட்டு கூடக் காலியா போகாது."

பின்னால் நின்ற ஒரு பிஸ்கெட் கம்பெனி விற்பனையாளர் கேட்காமலே புத்தி சொன்னார். "வாரத்துக்கு ரெண்டு தடவை இதுல போறேன்ம்மா. தனியா போறவங்களுக்கு அந்தக் காசு தண்டம். எங்க உக்காந்தா என்ன? ஜோடியா போறவங்களுக்கும் பெரிய பெட்டி வச்சிருக்கறவங்களுக்கும்தான் அது பிரயோஜனம். மேல பெட்டி வைக்க இடம் தீந்துபோச்சுன்னா சி குரூப்காரங்க பெட்டியை வாங்கி அடியில போட்டுருவாங்க."

பெட்டி என்றதும் அக்காவின் கை தோள்பையைத் தடவியது. அதன் உள்பையில் குருவியின் மாத்திரையும், வலிப்பு நிற்காமல் போனால் மூக்கில் அடிக்கும் மருந்தும் இருந்தன.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். அவர் எதிலும் குறுக்கு வழி கண்டுபிடிப்பவர். "ஒண்ணு போதுமே! நீ முதல்ல ஏறு. நேரா கடைசிக்குப் போ. எல்லாரும் முன்னாடிதான் முட்டி மோதுவாங்க. நடைபாதை ஓரத்துல உக்காந்து, நடு சீட்ல பையை வை. நடு சீட்டை எவனும் ஆசைப்பட்டுக் கேக்க மாட்டான். குருவி வந்ததும் பையை எடுத்துடு. அவ்வளவுதான்."

"பிடிச்சு வைக்க விடுவாங்களா?"

"விடவும் மாட்டாங்க, தடுக்கவும் மாட்டாங்க. அதுக்கு ரூலே கிடையாது."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அக்கா பணம் கட்டினாள். இரண்டு பேருடைய கைப்பெட்டியையும், மருந்து இருந்த தோள்பையையும் அவளே எடுத்துக்கொண்டாள். குருவி ஒரு தண்ணீர் பாட்டிலோடு வரிசையின் வாலில் போய் நின்றாள். பிரியும்போது அவள் முகம் வெளுத்திருந்ததை அக்கா கவனித்தாள். தூக்கம் இல்லாத முகம்.

"ஒரு மாதிரி இருக்கா?"

"ஒண்ணுமில்ல. போக்கா. எல்லாரும் பாக்கறாங்க."

முதலில் ஒரு சக்கர நாற்காலி போனது. பிறகு ஊன்றுகோல் வைத்த ஒருவரும் அவர் மனைவியும். யாரும் அவர்களை உற்றுப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஏ குரூப்.

விமானம் வெறிச்சென்று இருந்தது. ஒவ்வொரு பக்கமும் மூன்று மூன்று சீட்டுகள். அக்கா கடைசிக்கு நான்கு வரிசை முன்னால் நின்று, பெட்டிகளை மேலே ஏற்றிவிட்டு, ஓர சீட்டில் உட்கார்ந்து, தோள்பையை நடுவில் வைத்தாள். ஜன்னல் சீட்டும் காலியாகவே இருந்தது. ஏ குரூப் முடியும்வரை யாரும் அவள் பக்கம் வரவில்லை. பி குரூப் வந்தது. முன் வரிசைகளில் ஓரமும் ஜன்னலும் நிரம்பின. ஒரு பெண் ஜன்னலைப் பார்த்துவிட்டு, அக்காவின் முகத்தையும் பார்த்துவிட்டு, ஏனோ தாண்டிப் போனாள். வீட்டுக்காரர் சொன்னது பலித்துவிடும் போலிருந்தது.

அப்போதுதான் அந்த ஆள் வந்தான். சட்டை முழுக்க வியர்வை. தோளில் ஒரு பை, இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை. குழந்தை அழுது அழுது விக்கிக்கொண்டிருந்தது.

"இங்க ரெண்டு சீட்டும் காலியாங்க?"

"ஜன்னல் காலி. இது என் தங்கச்சிக்கு. வந்துட்டிருக்கா."

அவன் முன்னும் பின்னும் பார்த்தான். "இதுக்கு முன்னாடி வந்த பிளேன் லேட்டுங்க. ஓடி வர்றோம். குழந்தைங்க வச்சிருக்கறவங்களை ஏ முடிஞ்சதும் கூப்பிட்டாங்களாம், அதுக்குள்ள வர முடியல. எங்கயும் ரெண்டு சேந்தாப்புல இல்ல. இவளைத் தனியா எப்படிங்க உக்கார வைப்பேன்?"

அவனுக்குப் பின்னால் ஆட்கள் தேங்கி நின்றார்கள். "காசு கட்டினா ஒரு சீட்டுதானேம்மா, ரெண்டு சீட்டா குடுத்தாங்க?" என்றது ஒரு குரல். பணிப்பெண் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்தாள். "சீட் பிடிக்கறதுல நாங்க தலையிட முடியாதுங்க. நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்க. சீக்கிரம், ப்ளீஸ்."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'அவளுக்கு வலிப்பு வரும்.' வழி விட்டிருப்பார்கள். வேறு யாரையாவது எழுப்பி அந்தக் குழந்தைக்கும் இடம் பண்ணியிருப்பார்கள். அக்காவுக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. கூடவே குருவியின் முகமும் வந்தது. சத்தியம் வாங்கிய முகம்.

குழந்தை அப்பாவின் காலரைப் பிடித்துக்கொண்டு அக்காவையே பார்த்தது.

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து வழி விட்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும்," என்றான் அவன். அந்த வாழ்த்து அவள் காதில் ஏறவில்லை.

சி குரூப்பின் கடைசி ஆட்களோடு குருவி ஏறினாள். அக்கா எழுந்து நின்று கையசைத்தாள்; 'இங்கே இடமில்லை' என்று தலையை ஆட்டினாள். குருவி புரிந்துகொண்டு, பரவாயில்லை என்று சிரித்தாள். முன்னாலேயே, நாலாவது வரிசையில் ஒரு நடு சீட்டைக் காட்டினார்கள். அவள் உட்கார்ந்ததும் தலையின் உச்சியில் போட்ட கொண்டை மட்டும்தான் தெரிந்தது.

மருந்து அக்காவின் மடியில். ஆள் விமானத்தின் அந்தக் கோடியில். பையை மட்டுமாவது கொடுத்துவிட்டு வரலாம் என்று எழுந்தாள். நடைபாதை முழுக்க ஆட்கள், தலைக்கு மேலே தூக்கிய பெட்டிகள். "உக்காருங்க மேடம், கதவை மூடணும்," என்று பணிப்பெண் அவள் தோளைத் தொட்டு உட்கார வைத்தாள்.

விமானம் ஓடி, எழும்பியது. அக்கா அந்தக் கொண்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது ஆடினால் பயம், ஆடாமல் இருந்தால் அதைவிடப் பயம். தூங்குகிறாளா? தூங்கினால் நல்லதுதானே? இல்லை, சாய்ந்துவிட்டாளா? பக்கத்தில் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியே மேகத்தைக் காட்டி அப்பாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது.

பெல்ட் விளக்கு அணைந்ததும் போய்விட வேண்டும் என்று காத்திருந்தாள். விளக்கு அணையவில்லை. விமானம் ஒருமுறை சட்டென்று இறங்கி ஏறியது. யாரோ "ஐயோ" என்றார்கள். மேகக்கூட்டத்தைக் கடக்கிறோம், எல்லோரும் உட்கார்ந்தே இருங்கள் என்று அறிவிப்பு வந்தது. பணிப்பெண்களும் போய் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார்கள்.

முன்னால் அந்தக் கொண்டை ஒரு பக்கமாகத் திரும்பியது. பக்கத்து சீட்டில் ஓரமாக இருந்தவனின் தலை அதை நோக்கிக் குனிந்தது. பேசுகிறார்களா? குருவி முன்பின் தெரியாதவரிடம் பேசுகிறவள் இல்லை. அடுத்த நொடி கொண்டை காணாமல் போனது.

அக்கா தலைக்கு மேலிருந்த பொத்தானை அழுத்தினாள். விட்டு விட்டு அழுத்தினாள். முன்னாலும் ஒரு மணி அடித்தது. கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்த பணிப்பெண், குலுங்கும் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"முன்னாடி நாலாவது வரிசைல என் தங்கச்சி. அவளுக்கு வலிப்பு வரும். மருந்து என்கிட்ட இருக்கு. அவளுக்கு வந்துடுச்சு, எனக்குத் தெரியும், வந்துடுச்சு." சத்தியம் காற்றில் போனது. நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரிதான் அவள் கத்தியிருந்தாள்.

"முன்னாடியே ஏன் சொல்லல? பக்கத்துல இருக்கறவங்களைக் கேட்டு மாத்தி உக்கார வச்சிருப்போமே!" பணிப்பெண் மருந்தை வாங்கிக்கொண்டு, "என் பின்னாடியே வாங்க. சீட்டைப் பிடிச்சுட்டு வாங்க," என்றாள்.

அந்த நடைபாதை முடிவதாகவே இல்லை. விமானம் குலுக்கியதில் ஒருவர் தோளில் விழுந்து எழுந்தாள். எதிரே ஒரு குரல் கேட்டது. "வாய்ல ஏதாவது வைங்கப்பா! கரண்டி இருக்கா, கரண்டி? நாக்கைக் கடிச்சுக்கப் போகுது!"

இன்னொரு குரல், பயத்தில் கீச்சிட்டுக்கொண்டு: "வைக்கக் கூடாது! எதுவும் வைக்கக் கூடாதுன்னு அவங்களே சொன்னாங்க!"

சொன்னவன், காதிலிருந்த பெரிய ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்த ஓர் இளைஞன். அவன் தன் சீட்டை விட்டு எழுந்து, நடைபாதையில் மண்டியிட்டு, மூன்று சீட்டின் கைப்பிடிகளையும் தூக்கிவிட்டிருந்தான். குருவி ஒருக்களித்துக் கிடந்தாள். அவன் ஜாக்கெட் அவள் தலைக்கு அடியில். உடம்பு வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. அவன் அவளை அமுக்கிப் பிடிக்கவில்லை. கீழே உருண்டு விழாமல் ஒரு கையை மட்டும் குறுக்கே வைத்திருந்தான். இன்னொரு கையில் போன். திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"நேரம் பாக்கச் சொன்னாங்க," என்றான் அக்காவைப் பார்த்து. "அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனாதான் மருந்தாம். பின்னாடி அக்காகிட்ட இருக்குன்னாங்க. நீங்கதானா? ரெண்டு நிமிஷம் ஆகப்போகுது."

அக்கா மண்டியிட்டாள். குருவியின் கன்னத்தில் எச்சில் வழிந்தது. துடைத்தாள். பணிப்பெண் மருந்தின் மூடியைத் திறந்து தயாராகப் பிடித்திருந்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ முறை பார்த்ததுதான். ஒருமுறை கூட இப்படி, காலுக்குக் கீழே தரையே இல்லாத இடத்தில் பார்த்ததில்லை. இது நிற்காவிட்டால்? இங்கே எந்த ஆஸ்பத்திரி?

இழுப்பு தளர்ந்தது. ஒரு முறை, இன்னொரு முறை, பிறகு நின்றது. குருவி பெரிதாக ஒரு மூச்சை இழுத்தாள். நீலம் பாரித்த உதட்டில் மெல்ல நிறம் வந்தது.

"மருந்து வேணாம்," என்றாள் அக்கா. அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்த பெரியவர் தானாகவே எழுந்து, அக்காவின் சீட் எது என்று கேட்டுக்கொண்டு பின்னால் போனார். இளைஞன் முன்வரிசைப் பணிப்பெண்ணின் மடக்கு நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அவனுக்கு யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். விமானம் இறங்கும்வரை குருவி அக்காவின் மடியில் தலை வைத்துக் கிடந்தாள்; கண் திறந்தாள், எங்கே இருக்கிறோம் என்று கேட்டாள், பதிலைக் கேட்காமலே தூங்கினாள், மறுபடியும் அதையே கேட்டாள்.

தரையில் மருத்துவ ஆட்கள் காத்திருந்தார்கள். விமான நிலையத்தின் முதலுதவி அறையில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, ஒரு மணி நேரம் படுக்க வைத்தார்கள். அந்த நேரத்தில் கதவைத் தட்டிக்கொண்டு ஒருவன் எட்டிப் பார்த்தான். குழந்தையோடு வந்தவன்.

"எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா..."

"உங்க மேல என்ன தப்பு? நானும்தான் சொல்லலையே."

அவன் அப்போதும் போகாமல் நின்றான். குழந்தை தூங்கிப்போய் அவன் தோளில் எச்சில் ஒழுக்கிக்கொண்டிருந்தது. "இவளும் தனியா உக்காந்திருந்தா பயந்தே போயிருப்பா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொல்லிவிட்டுப் போனான்.

குருவி முழுதாகத் தெளிந்ததும் முதலில் கேட்டது இதைத்தான். "என்னக்கா, சீட்டு பிடிச்சு வைக்கறேன்னு காசையும் கட்டிட்டு, கடைசில ஊருக்குத் தானம் பண்ணிட்டியா?"

"குழந்தை அழுதுச்சு குருவி."

"எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நீதானடி உன் மேல சத்தியம் வாங்கின!"

"நான் சொன்னா நீ கேட்டுடுவியா? இத்தனை வருஷத்துல நான் சொன்ன எதைக் கேட்டிருக்க, இதைக் கேக்க?"

அக்காவுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. குருவி சுவர்ப் பக்கம் பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள்.

"கருகின ரப்பர் வாடை வந்துச்சுக்கா. வலிப்புக்கு முன்னாடி எப்பவும் வருமே, அது. திரும்பிப் பாத்தேன். நீ ரொம்ப தூரத்துல இருந்த. செத்துப்போயிடுவேன்னு நெனச்சேன். பக்கத்துல அந்தப் பையன் பாட்டு கேட்டுட்டிருந்தான். அவன் ஹெட்ஃபோனைப் பிடிச்சு இழுத்தேன். எனக்கு இப்ப வலிப்பு வரப்போகுதுன்னு சொன்னேன். இன்னது பண்ணு, இன்னது பண்ணாதன்னு சொன்னேன். அவன் முகத்தைப் பாக்கணுமே. என்னை விட அவன் பயந்துட்டான்."

"ஆனா ஓடிப் போகல."

"எங்க ஓடுவான், பிளேன்ல?"

அறையின் பொறுப்பில் இருந்த நர்ஸ், மறுநாள் வேலைக்குப் போகக் கூடாது, நன்றாகத் தூங்க வேண்டும், டாக்டரைப் பார்த்து மாத்திரை அளவைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா ஆய்வகத்துக்கு என்ன காரணம் சொல்லலாம் என்று யோசித்தாள். காய்ச்சல் என்று சொல்லலாம். விமானம் ரத்து என்று சொல்லலாம்.

"போனைக் குடு," என்றாள் குருவி.

"என்ன சொல்லப் போற?"

"நடந்ததைத்தான். அங்கயும் பக்கத்து மேஜைல ஒருத்தர் இருப்பாங்கல்ல. அவங்களுக்குத் தெரியணும்."

"வேலை போயிட்டா?"

குருவி எண்ணைத் தேடி அழுத்தினாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள்.

"வணக்கம் சார்," என்றாள் குருவி. "நாளைக்கு வேலைக்குச் சேர வேண்டியவ நான். உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."